என் பேர்ல வேணாம் அண்ணா

டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டை இரண்டாம் முறை புரட்டுவதை ஈவ்லின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சினைப்பையில கட்டி கொஞ்சம் பெருசாவே இருக்கு. எடுத்துடறதுதான் நல்லது. எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் அது என்னன்னு உறுதியா சொல்ல முடியும்" என்றார் அவர். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பயப்படாதீங்க" என்றார். அதுவரை ஓரளவு தைரியமாகத்தான் இருந்தாள். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் பயம் வந்தது.

வெளியே கவுண்டரில் இருந்த பெண் தேதி குறித்துக் கொடுத்தாள். அடுத்த வார வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தின் இன்சூரன்ஸ் இருந்ததால் செலவைப் பற்றிக் கவலையில்லை. "கூட யாரு இருப்பாங்க மேடம்? அட்டெண்டர் ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். ரத்த சம்பந்தம்னா நல்லது."

"அண்ணன்" என்றாள் ஈவ்லின். பெயர் காஸ்பர் என்றும், பெசன்ட் நகரில் இருக்கிறார் என்றும் சொன்னாள். சொல்லும்போதே மனம் கொஞ்சம் லேசானது. அண்ணன் என்று சொல்ல ஒருவர் இருக்கிறார்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவின் கடைசிக் காலம் முழுக்க அவள்தான் கூட இருந்து பார்த்தாள். அது முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது வயது போய்விட்டிருந்தது. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்கு அலுவலகத்தில் வேலை. மந்தைவெளியில் மாடியில் ஒற்றை அறை வாடகை வீடு. வீட்டுக்காரர் வருஷா வருஷம் வாடகையை ஏற்றுவதோடு, மகன் அமெரிக்காவிலிருந்து வந்தால் காலி பண்ண வேண்டியிருக்கும் என்றும் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு முடிவுக்கு வந்தாள். பல வருஷம் சேர்த்த பணத்தில் மேடவாக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்து, ஒப்பந்தம் போட்டு, வங்கிக் கடனும் அனுமதியாகிவிட்டது. பத்திரப் பதிவு அடுத்த மாதக் கடைசியில். அதற்குள் பதியாவிட்டால் முன்பணம் திரும்ப வராது.

வயிற்றில் இப்படி ஒன்று வளர்ந்துகொண்டிருப்பது அவள் திட்டத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, நாலு தெரு தள்ளி இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி ஜூலியட் வஞ்சிர மீன் வறுத்திருந்தாள். சாப்பிடும்வரை ஈவ்லின் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் மகன் ஆஸ்வின், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிப்பவன், நண்பர்களோடு வெளியே கிளம்பிய பிறகுதான் விஷயத்தை எடுத்தாள்.

ஜூலியட் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காஸ்பர் தட்டைத் தள்ளி வைத்தான்.

"இதுக்கு எதுக்கு ஈவா இவ்ளோ நாள் வாயை மூடினு இருந்த? காலைல வண்டிய எடுத்துனு வந்துர்றேன். முடியறவரைக்கும் நான் அங்கதான். நாங்க இல்லாம உனக்கு வேற யாரு கீறாங்க?"

அவன் அதைச் சும்மா சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு டெங்கு வந்தபோது, மாடிப்படியில் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன் அவன்தான். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் தரையில் படுத்துக் கிடந்தான். இன்சூரன்ஸுக்காக அவளுடைய ஆதார், பான் அட்டை நகல்களோடு அலைந்ததும் அவன்தான்.

வெயில் தாழ்ந்ததும், "வா, கடல் பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம்" என்றான். கடற்கரையில் சாயங்காலக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. பஜ்ஜிக் கடைகளைத் தாண்டி, கூட்டம் குறைந்த இடம்வரை நடந்தான். அப்புறம் நின்றான்.

"ஈவா, எனக்கு ஒரு உதவி பண்ணணும் நீ."

காஸ்பர் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஒரு கார் வைத்து நன்றாகத்தான் சம்பாதித்தான். அந்தத் தைரியத்தில் தவணையில் இன்னொரு கார் வாங்கி ஒரு டிரைவரைப் போட்டான். டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான். வண்டி தெருவோரம் நிற்கிறது. தவணை மட்டும் நிற்காமல் வருகிறது. அதைக் கட்ட வெளியில் கைமாற்று வாங்கி, அதற்கு வட்டி கட்ட இன்னொரு இடத்தில் வாங்கி, இப்போது எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது.

"பைனான்ஸ்காரன் வீட்டாண்டயே வந்துட்டான். நல்லவேளை ஜூலி இல்ல, மார்க்கெட்டுக்குப் போயிருந்தா. அவளுக்கு இதெல்லாம் தெரியாது." அவன் மணலைக் காலால் கிளறினான். "எனக்கு எந்த பேங்க்லயும் லோன் குடுக்க மாட்டான். உனக்கு கவர்மெண்ட் மாதிரி மாசச் சம்பளம். உன் சிபில் ஸ்கோர் சுத்தமா கீது. உன் பேர்ல ஒரு பர்சனல் லோன் எட்டு லட்சம் எடுத்துக் குடு. பணம்கூட நீ குடுக்க வேணாம். மாசா மாசம் ஈ.எம்.ஐ. நான் போட்டுர்றேன். ஒரு நாள்கூடத் தவறாது."

ஈவ்லினுக்கு அலைச் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. கணக்கு அவளுக்குத் தெரியும். ஆயுசு முழுக்கப் பார்த்த வேலை. வீட்டுக் கடன் அதிகாரி தெளிவாகவே சொல்லியிருந்தார்: செக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் கடன் விவரத்தை மறுபடி ஒருமுறை பார்ப்போம், அதுவரை புதிதாக எந்தக் கடனும் வாங்காதீர்கள், சம்பளத்தில் தவணைக்கு ஒதுக்கக்கூடிய அளவு ஏற்கெனவே முட்டிவிட்டது என்று. இந்த எட்டு லட்சம் அவள் பேரில் ஏறினால் ஃபிளாட் இல்லை. முன்பணமும் இல்லை. அண்ணன் ஒரு மாதம் கட்டாமல் விட்டால் அவன் வீட்டு வாசலில் நின்ற ஆள் அவள் வாசலில் வந்து நிற்பான்.

இவ்வளவும் ஒரு நொடியில் மனதில் ஓடியது. வாயில் வந்தது வேறு.

"யோசிச்சுச் சொல்றேண்ணா."

காஸ்பரின் முகம் சட்டென்று மலர்ந்தது. "தெரியும்மா எனக்கு. நீ இல்லன்னு சொல்ல மாட்ட" என்று அவள் தோளைத் தட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. யோசிக்கிறேன் என்றுதான் சொன்னாள். அவன் காதில் அது சரி என்று விழுந்துவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் யாரோ ஒரு பையன் போன் செய்தான். "மேடம், காஸ்பர் சார் நம்பர் குடுத்தாரு. பர்சனல் லோன் விஷயமா. மூணு மாச பே ஸ்லிப் வாட்ஸ்அப்ல போட்டீங்கன்னா போதும், மீதியெல்லாம் சார் அனுப்பிட்டாரு."

"மீதின்னா?"

"உங்க ஆதார், பான் எல்லாம் மேடம்."

டெங்குக் காலத்து நகல்கள். ஈவ்லின் போனை மேசைமேல் வைத்தாள்.

எதிர் மேசையில் இருந்த அஃப்சருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஈவ்லினின் கட்டியைப் பற்றி வெளியில் தெரிந்த ஒரே ஆள் அவள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு ஈவ்லின் எல்லாவற்றையும் சொன்னாள்.

"குடுக்கறதா இல்லையா? அதை மொதல்ல சொல்லு" என்றாள் அஃப்சருன்னிசா.

"குடுக்க முடியாது. ஆனா வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னு பார்க்கறேன்."

"அதுவரைக்கும் அவர் நீ தரப்போறேன்னு நெனச்சுக்கிட்டு யார் யாருக்கோ வாக்குக் குடுத்துடுவாரு. அப்புறம் இல்லைன்னா, இப்ப வர்ற கோவம் பத்து மடங்கா வரும். எங்க கொழுந்தன் விஷயத்துல எங்க வீட்டுக்காரர் அதைத்தான் பண்ணாரு. பார்க்கலாம் பார்க்கலாம்னே ஆறு மாசம் இழுத்தாரு. இன்னிக்கு வரைக்கும் பேச்சு வார்த்தை இல்ல." அவள் ஊறுகாயை ஈவ்லின் பக்கம் நகர்த்தினாள். "இன்னொண்ணு. காரணத்தை அடுக்காதே. நீ சொல்ற ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்கிட்ட ஒரு வழி இருக்கும். ஃபிளாட்டைத் தள்ளிப்போடும்பாரு, வேற பேங்க் பாருன்னுவாரு. உன்னால முடியாதுங்கறதை மட்டும் சொல்லு."

"வெள்ளிக்கிழமை அவர் வரலைன்னா?"

அஃப்சருன்னிசா தன் டிபன் பாக்ஸை மூடினாள். "நான் வரேன்" என்றாள் அப்புறம். ஆனால் ஈவ்லின் கேட்டது அதையில்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. டெஸ்ட் முடிவு மோசமாக வந்தால் வெள்ளிக்கிழமையோடு முடியாது. மாதக்கணக்கில் யாராவது வேண்டும். சிநேகிதி எத்தனை நாள் வருவாள்? அவளுக்குப் புருஷன், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம், பீஸ் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. கடன் விண்ணப்பத்துக்கான ஓ.டி.பி. யாரிடமும் பகிர வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது. அவள் வாசித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. அண்ணன்.

"ஈவா, ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு. சொல்லு, அந்தப் பையன் லைன்ல கீறான்."

அவள் அந்த எண்களைப் பார்த்தாள். சொல்லிவிட்டால் எல்லாம் சுலபம். வெள்ளிக்கிழமை காலை அண்ணன் காரோடு கீழே நிற்பான். கண் விழிக்கும்போது பக்கத்தில் அண்ணி இருப்பாள். எட்டு லட்சத்துக்கு இவ்வளவும் கிடைக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்ததற்காகத் தன்மீதே அருவருப்பு வந்தது.

"ஈவா? டைம் முடிஞ்சிரும்மா."

"அந்த நம்பரை நான் சொல்லப் போறதில்லைண்ணா" என்றாள். குரல் தனக்கே கேட்காததுபோல் இருந்தது. "அந்தப் பையனை வெக்கச் சொல்லு. சாயங்காலம் நான் வரேன். நேர்ல பேசலாம்."

எதிர்முனையில் இணைப்பு அறுந்தது.

சாயங்காலம் பெசன்ட் நகர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சொல்லவேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அடையாறு பாலம் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் அசையாமல் கறுப்பாகக் கிடந்தது.

காஸ்பர் வீட்டுக்கு வெளியிலேயே நின்றான். ஜூலியட் முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம் என்பது அவன் நிற்பிலேயே தெரிந்தது. அவளும் அதைத்தான் விரும்பினாள். தெருமுனையில் வேப்பமரத்தடியில் நின்ற அந்த இரண்டாவது காரின் கதவைத் திறந்தான். கண்ணாடி முழுக்க இலைச்சருகும் காக்கை எச்சமுமாக இருந்தது. அவன் ஸ்டியரிங் பக்கம் உட்கார, அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியதும் உள்ளே காற்றே இல்லை.

"சொல்லு" என்றான், நேரே பார்த்தபடி.

"என் பேர்ல கடன் வேணாம் அண்ணா. என்னால முடியாது. ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கணும். பயந்துகிட்டு யோசிக்கிறேன்னு சொல்லிட்டேன். அது என் தப்பு."

"ஃபிளாட்டுக்காகவா?"

"ஃபிளாட்டும்தான்."

"அது எங்க ஓடிடப் போவுது? ஆறு மாசம் தள்ளிப்போடு. அவன்கிட்ட நான் வந்து பேசறேன்."

அஃப்சருன்னிசா சொன்னது அப்படியே நடந்தது. ஈவ்லின் அவன் பக்கம் திரும்பினாள். "தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போட்டாலும் என் பேர்ல எடுத்துக் குடுக்க மாட்டேன். இப்பவும் இல்ல, ஆபரேஷனுக்கு அப்புறமும் இல்ல."

காஸ்பரின் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டன. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த விரல்களைத் தெரியும். அப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில் அவளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நின்ற கை. அவள் அடி வாங்கியதே இல்லை. ஆனாலும் இன்றைக்கு அவற்றைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"நீ கட்டவே வேணாம்னு சொல்றேன். நான் கட்ட மாட்டேன்னு நெனக்கிறியா? அண்ணன் திருடனா?"

"இல்லண்ணா. நீ கட்டணும்னுதான் நெனப்ப. இந்த வண்டிக்கும் கட்டணும்னுதான் நெனச்ச." சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று உறைத்தது. அவசரமாகத் தொடர்ந்தாள். "கேளு. ஆஸ்வினோட அடுத்த செமஸ்டர் பீஸை நான் காலேஜ்லயே கட்டிடறேன். அது கடன் இல்ல. திருப்பித் தர வேணாம். என்னால அவ்வளவுதான் முடியும். அப்புறம் இந்த வண்டி. இதை நீயே வித்துடு. பைனான்ஸ்ல இன்னிக்கு முடிச்சா எவ்வளவுன்னு கணக்கு எழுதி வாங்கி, விக்கிற பணத்தை அங்கயே கட்டி முடிச்சுடலாம். அவங்க தூக்கிட்டுப் போனா வந்த விலைக்கு ஏலம் விட்டுட்டு, மிச்சத்தையும் உன்கிட்டதான் கேப்பாங்க. அந்த ஆபீசுக்கு நான் கூட வரேன். நான் பேசறேன்."

"ஆபீசுக்கு வருவியாம்." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒன்றுமில்லை. "உனக்கு டெங்கு வந்தப்ப நான் கணக்குப் பார்த்தேனா? இன்னா செலவு, யாரு பேர்லன்னு கேட்டேனா?"

"கேக்கல. அதை நான் மறக்கல."

"மறக்கலைன்னா இப்படிப் பேச மாட்ட." அவன் கதவைத் திறந்து இறங்கினான். ஜன்னலில் குனிந்து, குரலை உயர்த்தாமலே சொன்னான். "நல்லா இரு. உன் பணம், உன் ஃபிளாட். எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கோ. வெள்ளிக்கிழமை உன்கூட அது வருதான்னு பாரு."

அவன் போய்விட்டான். ஈவ்லின் அந்தக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாய் வந்து சக்கரத்தை மோந்துவிட்டுப் போயிற்று. ரொம்ப நேரம் கழித்து இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினாள். அண்ணன் வீட்டில் விளக்கு எரிந்தது. படியேற மனம் வரவில்லை.

அடுத்த நாள் ஆஸ்வினின் கல்லூரிக் கணக்கில் பீஸைக் கட்டினாள். ரசீதை ஜூலியட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'ஆஸ்வினுக்கு அத்தையோட அன்பளிப்பு' என்று மட்டும் எழுதினாள். பார்த்ததற்கான நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை.

வியாழக்கிழமை வரைக்கும் போன் அடிக்கும்போதெல்லாம் பதறினாள். அடிக்காதபோது அதைவிடப் பதற்றம். அண்ணன் எதையாவது செய்துகொள்வானோ என்ற நினைப்பு ஒரு பக்கம். கைமாற்று கொடுத்தவர்கள் அவனை ஏதாவது செய்துவிடுவார்களோ என்பது இன்னொரு பக்கம். அதற்கெல்லாம் அடியில், அவள் வெளியில் ஒத்துக்கொள்ளாத பயம்: டெஸ்ட் முடிவு வரும் நாளில் தனியாக உட்கார்ந்திருப்பது. வாட்ஸ்அப்பில் 'சரி அண்ணா' என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். அனுப்பாமல், 'நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அட்மிஷன். நீ வந்தா எனக்கு நல்லா இருக்கும். வரலைன்னாலும் நீ என் அண்ணன்தான்' என்று எழுதி அனுப்பினாள். கடனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கீழே கார் எதுவும் நிற்கவில்லை. அஃப்சருன்னிசா ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டி, கையில் ஊசி குத்தினார்கள்; சம்மதக் கடுதாசியில் ஈவ்லினே கையெழுத்துப் போட்டாள். "அண்ணன் வருவார்னு சொன்னீங்களே" என்றாள் நர்ஸ்.

"இவங்க இருக்காங்க" என்று அஃப்சருன்னிசாவைக் காட்டினாள்.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது காரிடார் முழுக்கத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் யாரோ நின்றார்கள். அஃப்சருன்னிசாவைத் தவிர தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. தியேட்டருக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. மாதாவே என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் ஜெபம் நினைவுக்கு வரவில்லை.

கண் விழித்தபோது தொண்டை வறண்டு, வயிற்றில் யாரோ கல்லைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. யாரோ பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினார்கள்.

"பேசாத. தண்ணி இப்ப குடுக்கக் கூடாதாம்" என்றாள் ஜூலியட்.

ஈவ்லின் அவளையே பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"உன் சிநேகிதி சாப்பிடப் போயிருக்காங்க. காலைலேர்ந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கல பாவம்." ஜூலியட் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். "எல்லாம் தெரிஞ்சுபோச்சு எனக்கு. அந்தப் பீஸ் ரசீது வந்ததும் உங்க அண்ணனை உக்காத்தி வெச்சுக் கேட்டேன். ரெண்டு நாள் எங்க வீட்ல அடுப்பே எரியல." அவள் குரலில் கோபம் இருந்தது. அது யார்மேல் என்று ஈவ்லினுக்குப் பிடிபடவில்லை. "எனக்கும் மனசு ஆறலம்மா. குடுத்திருக்கலாமேன்னுதான் இன்னும் தோணுது. ஆனா அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அறுத்துப் போட்டுப் படுத்திருக்கற புள்ளையை யாரு பார்க்கறது?"

ஈவ்லின் வாயசைத்து ஏதோ கேட்டாள்.

"கீழ வண்டியில உக்காந்திருக்காரு. விடிஞ்சதிலேர்ந்து. மேல வர மாட்டாராம்."

அன்றைக்கும் மறுநாளும் காஸ்பர் மேலே வரவில்லை. ஜூலியட்டைக் கொண்டுவந்து விட்டான், அழைத்துப் போனான். மூன்றாம் நாள் கஞ்சி பிளாஸ்க்கோடு வந்து நின்றான். கட்டிலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து, "வலி கீதா?" என்று கேட்டான். "பரவால்ல" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நன்றி சொல்லவும் பயந்தாள், மன்னிப்பு கேட்கவும் பயந்தாள். எதைத் தொட்டாலும் அந்தப் பேச்சு வந்துவிடும் என்று இருந்தது.

டெஸ்ட் முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களை அண்ணன் வீட்டில்தான் கழித்தாள். ஜூலியட் மந்தைவெளிக்கு அனுப்ப மறுத்துவிட்டாள். பகலெல்லாம் படுத்தபடி கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காஸ்பர் சவாரிக்குப் போவான், வருவான், சாப்பிடுவான். கடன்காரர்கள் போன் செய்தால் வெளியே போய்ப் பேசுவான். கதவுக்கு வெளியே தணிந்த அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் ஈவ்லினுக்குத் தையல் போட்ட இடம் இழுத்துப் பிடிக்கும். எழுந்து போய், சரி, எடுத்துக்கோ என்று சொல்லிவிடலாம்போல் இருக்கும். போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள்.

முடிவு வாங்கப் போன அன்று டாக்டர் அறைக்குள் ஜூலியட்தான் கூட வந்தாள். சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், ஈவ்லின் ஜூலியட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து காரில் ஏறியபோது காஸ்பர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். ஜூலியட் தலையசைத்தாள். அவன் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

சிக்னலில் நின்றபோது முன்னால் பார்த்தபடியே பேசினான். "அந்த வண்டிக்கு ஒருத்தன் விலை சொல்லிக்கீறான். வாங்கின விலையில பாதிக்குக் கொஞ்சம் மேல. பைனான்ஸ் கடனுக்குச் சரியாப் போயிரும். கைமாத்துக்குப் பத்தாது."

ஜூலியட் கை வளையல்களை ஒருமுறை சுழற்றினாள்.

"கைமாத்துக்கு ஜூலி வளையலை பேங்க்ல வெக்கலாம்னு சொல்றா. கொஞ்சம் கொஞ்சமா மீட்டுக்கலாம்." விளக்கு பச்சையானது. "பைனான்ஸ் ஆபீசுக்குப் போணும். அவனுங்க ஏதேதோ அபராதம், சார்ஜுன்னு எழுதிக் குடுக்கறானுங்க. எனக்குப் புரியல. உனக்கு உடம்பு தேறினா வா."

"வரேன்" என்றாள் ஈவ்லின்.

அடுத்த வாரம் போனாள். தி.நகரில் ஒரு மாடி அலுவலகம். படியேறும்போது இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கொடுத்த தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். ஒரே அபராதத்தை இரண்டு பெயரில் போட்டிருந்ததைக் காட்டியதும் அவர் அதை அடித்துத் திருத்தினார். பெரிய தொகை ஒன்றும் இல்லை. வண்டி கைமாறியது. பாக்கி இல்லை என்ற கடிதமும் வந்தது. கைமாற்றில் மிச்சம் இன்னும் இருந்தது. வளையல்கள் இன்னும் வங்கியில் இருந்தன. ஜூலியட்டின் வெறும் கையைப் பார்க்கும்போதெல்லாம் ஈவ்லின் கண்ணைத் திருப்பிக்கொள்வாள்.

பதிவு நாளன்று சாட்சிக் கையெழுத்துக்கு ஜூலியட்டும் அஃப்சருன்னிசாவும் வந்தார்கள். காஸ்பரையும் கூப்பிட்டிருந்தாள். விமான நிலையத்துக்குச் சவாரி இருக்கிறது என்றான். அது உண்மையா என்று அவள் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவன் அவளை ஈவா என்று கூப்பிடுவதில்லை; பேரே சொல்லாமல் பேசுகிறான். அது திரும்பி வருமா என்று தெரியவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. திரையில் அண்ணன் பெயர். இத்தனைக்கும் பிறகும் ஈவ்லினுக்குப் பயமாகத்தான் இருந்தது. கைமாற்றுக்காரர்கள் மறுபடி வந்துவிட்டார்களோ, வேறு யார் பேரிலாவது ஏதாவது கேட்கப்போகிறானோ என்று ஒரு கணத்தில் எல்லாம் ஓடியது. ஜூலியட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்து, "சொல்லுண்ணா" என்றாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

பின்னால் வண்டிகளின் ஹாரன் சத்தம் கேட்டது.

"அந்த ஏரியாவுல போர்வெல் தண்ணி உப்பா இருக்கும்பாங்க. குடிக்கறதுக்கு மெட்ரோ வாட்டர் குழாய்ல வருதா, இல்ல லாரியா? கேட்டியா அதை?"

"கேக்கலையே அண்ணா" என்றாள் ஈவ்லின்.

"கேக்காமலா கையெழுத்துப் போட்ட?" என்றான் காஸ்பர். "சரி, இரு. அந்தப் பக்கம் எனக்கு ஒரு டிரைவர் பையனைத் தெரியும். விசாரிச்சுச் சொல்றேன்."